நரம்பு இல்லாத குடல் ஏன் இறுகிக் கிடக்கிறது?

செரிமான பிளாக் தேர்வில் வேறு வேறு உருவில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்று உண்டு. பிறந்து இரண்டு நாளான குழந்தை. இன்னும் மலம் போகவில்லை. வயிறு உப்பியிருக்கிறது, பச்சை நிறத்தில் வாந்தி எடுக்கிறது. ஆசனவாய் வழியே கான்ட்ராஸ்ட் மருந்தை ஏற்றி எக்ஸ்ரே எடுக்கிறார்கள். மலக்குடல் குறுகலாகத் தெரிகிறது. அதற்கு மேலே பெருங்குடல் பலூன் போல விரிந்திருக்கிறது. இந்த இரண்டில் நோயுள்ள பகுதி எது?

முதல்முறை பார்க்கிறவர்கள் விரிந்த பகுதியைத்தான் பெரும்பாலும் கைகாட்டுவார்கள். நோய்க்கு 'மெகாகோலன்' என்று பெயர் வைத்த காலத்தில் மருத்துவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். பெருத்துக் கிடப்பதுதானே கண்ணில் படுகிறது! உண்மையில் விரிந்த பகுதி நல்ல குடல். பார்க்கச் சாதாரணமாக இருக்கும் அந்தக் குறுகல்தான் நோய். அங்கே நரம்பு செல்களே இல்லை.

இதில் இடறுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கைக்குப் போகும் நரம்பை வெட்டினால் கை துவண்டு விழும் என்று படித்திருக்கிறோம். அதே கணக்கைக் குடலுக்கும் போட்டால், நரம்பு இல்லாத குடல் தளர்ந்து தொங்க வேண்டும். ஆனால் அது இறுகுகிறது. ஏன் இறுகுகிறது என்று புரிந்துவிட்டால் ஸ்லோ வேவ், பெரிஸ்டால்சிஸ், என்டெரிக் நரம்பு மண்டலம் என்று தனித்தனியாக மனப்பாடம் செய்த மூன்றும் ஒரே கதையாக வந்து சேரும். அதனால் குழந்தையைச் சற்று நிறுத்திவைத்துவிட்டு, குடல் தசையிலிருந்து தொடங்குவோம்.

தசைக்குள் ஓடும் கடிகாரம்

குடல் சுவரில் இரண்டு தசை அடுக்குகள். உள்ளே வட்டத்தசை, வெளியே நீளத்தசை. இரண்டும் மென்தசை. பக்கத்துப் பக்கத்து செல்கள் கேப் ஜங்ஷன்களால் இணைந்திருப்பதால் ஒரு செல்லில் எழும் மின்மாற்றம் அடுத்ததற்குப் பரவும். இந்த அடுக்குகளுக்கு நடுவே, தசையும் அல்லாத நரம்பும் அல்லாத ஒரு செல் வலையாகப் பின்னிக் கிடக்கிறது. அதைத்தான் கஹாலின் இடைச்செல்கள் என்கிறோம். ஸ்பெயின் நாட்டு நுண்ணுடற்கூறியல் அறிஞர் கஹால் இவற்றைப் பார்த்தபோது ஒருவகை எளிய நரம்பு செல்கள் என்றே எண்ணினார். இவைதான் குடலின் பேஸ்மேக்கர் என்பது உறுதிப்பட நூறு ஆண்டு ஆயிற்று. கிட் என்ற ஏற்பி குறைபட்ட எலிகளில் தசை அடுக்குகளுக்கு நடுவே இந்தச் செல் வலை உருவாகவில்லை. அந்த எலிகளின் சிறுகுடலில் ஸ்லோ வேவும் இல்லை. 1990களில் வந்த இந்தச் சோதனைகள்தான் வாதத்தை முடித்துவைத்தன.

இடைச்செல்லின் உள்ளே சேமிப்பிலிருந்து கால்சியம் அவ்வப்போது வெளியாகிறது. அந்தக் கால்சியம் அனோ1 என்ற குளோரைடு வாயிலைத் திறக்கிறது. குளோரைடு வெளியேற, செல்லின் மின்னழுத்தம் மேலேறுகிறது. அப்புறம் பழைய நிலைக்கு இறங்குகிறது. இந்த ஏற்ற இறக்கம் தசைக்குப் பரவும்போது அதற்கு ஸ்லோ வேவ் என்று பெயர். மனிதனில் இரைப்பையில் நிமிடத்துக்கு 3, டுவோடினத்தில் 12, இலியத்தின் கடைசியில் 8 முதல் 9. இந்த மூன்று எண்களும் தேர்வுக்கு வேண்டும். பெருங்குடலில் தாளம் இத்தனை ஒழுங்கானதல்ல, அதற்கு ஒற்றை எண் தேடி மெனக்கெட வேண்டாம்.

இங்கேதான் முதல் குழப்பம். ஸ்லோ வேவ் என்பது சுருக்கம் அல்ல. அது வெறும் மின் ஏற்ற இறக்கம். டுவோடினத்தில் நிமிடத்துக்கு 12 முறை அலை ஓடிக்கொண்டே இருக்கும், பசியோடு இருக்கும்போதும் தூங்கும்போதும்கூட. ஆனால் டுவோடினம் நிமிடத்துக்கு 12 முறை எப்போதும் சுருங்கிக்கொண்டிருப்பதில்லை. அலை ஓடும், தசை சும்மா இருக்கும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் மேலே எதுவும் விளங்காது.

எண்களை வைத்துப் பார்த்தால் தெளிவாகும். பாடத்துக்காக நான் வசதியான எண்களை எடுத்துக்கொள்கிறேன், செல்லுக்குச் செல் இவை மாறும். ஒரு தசை செல்லின் ஓய்வு மின்னழுத்தம் மைனஸ் 60 மில்லிவோல்ட் என்று வைத்துக்கொள்வோம். ஸ்லோ வேவின் உயரம் 15 மில்லிவோல்ட். அப்படியானால் அலையின் உச்சி மைனஸ் 45. ஸ்பைக், அதாவது தசையைச் சுருங்கவைக்கும் கூர்மையான மின்துடிப்பு, எழ வேண்டுமானால் மைனஸ் 40ஐத் தொட வேண்டும். தொடவில்லை. எனவே கால்சியம் வாயில்கள் போதுமான அளவு திறக்கவில்லை, தசை சுருங்கவில்லை.

இப்போது பக்கத்து நரம்பு முனை அசிட்டைல்கோலினை விடுகிறது. ஓய்வு மட்டம் மைனஸ் 52க்கு ஏறுகிறது. அதே 15 மில்லிவோல்ட் அலைதான், ஆனால் உச்சி இப்போது மைனஸ் 37. எல்லையைத் தாண்டியாயிற்று. அலையின் உச்சியில் நாலைந்து ஸ்பைக்குகள் முள் முள்ளாக எழுகின்றன. ஒவ்வொரு ஸ்பைக்கிலும் கால்சியம் உள்ளே பாய்கிறது, தசை சுருங்குகிறது. எல்லைக்கு மேலே அலை எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு ஸ்பைக், அவ்வளவு வலுவான சுருக்கம். மாறாக நார்அட்ரினலின் வந்து மட்டத்தை மைனஸ் 68க்கு இறக்கினால் உச்சி மைனஸ் 53தான் வரும். தசை அமைதியாகிவிடும்.

மூன்று நிலையிலும் அலையின் எண்ணிக்கை நிமிடத்துக்கு 12தான் என்பதைக் கவனியுங்கள். நரம்பு மாற்றியது அடிமட்டத்தை, அதன் வழியே சுருக்கம் உண்டா இல்லையா, எவ்வளவு வலு என்பதை. எப்போது சுருங்கலாம் என்ற நேரத்தைக் கடிகாரம் சொல்கிறது. அந்த நேரத்தில் சுருங்குவதா வேண்டாமா என்பதை நரம்பு சொல்கிறது. அதனால்தான் எவ்வளவு அசிட்டைல்கோலின் ஊற்றினாலும் டுவோடினத்தில் தாளத்துக்குரிய சுருக்கம் நிமிடத்துக்கு 12ஐத் தாண்டாது. அது கடிகாரம் போட்ட உச்சவரம்பு.

ஒரு விதிவிலக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். இரைப்பையில் ஸ்லோ வேவின் உச்சி கூர்மையாக இல்லாமல் மேடை போலச் சில நொடிகள் நீளும். அந்த மேடை போதிய உயரம் இருந்தால் ஸ்பைக் இல்லாமலே இரைப்பைத் தசை சுருங்கும். "ஸ்பைக் இன்றிச் சுருக்கமே இல்லை" என்று ஒரு விருப்பத்தேர்வு வந்தால், கேள்வி சிறுகுடலைப் பற்றியதா இரைப்பையைப் பற்றியதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரேக் போட்டபடி நிற்கும் வண்டி

சரி, தசைக்குச் சொந்தமாகக் கடிகாரம் இருக்கிறது. பக்கத்து செல்லோடு மின் தொடர்பும் இருக்கிறது. இப்படிப்பட்ட தசையைத் தன் போக்கில் விட்டால் என்ன ஆகும்?

இதற்கு டெட்ரோடோடாக்சின் நல்ல விடை தருகிறது. பஃபர் மீனின் நஞ்சு. நரம்பின் சோடியம் வாயில்களை அடைத்து, நரம்புத் துடிப்பை மொத்தமாக நிறுத்திவிடும். குடல் துண்டு ஒன்றை உப்புக் கரைசலில் மிதக்கவிட்டு இந்த நஞ்சைச் சேர்த்தால் ஸ்லோ வேவ் நிற்பதில்லை, ஏனென்றால் அது நரம்பின் வேலையே அல்ல. பெரிஸ்டால்டிக் ரிஃப்ளெக்ஸ் நின்றுவிடும், அது நரம்பின் வேலை. இந்த இரண்டு வரியும் தேர்வில் அப்படியே கேட்கப்படுபவை. பலரும் கவனிக்காத மூன்றாவது விளைவு ஒன்று உண்டு. பல விலங்குகளின் சிறுகுடலில் இந்த நஞ்சு போனதும் வட்டத்தசையின் சுருக்கங்கள் குறைவதற்குப் பதில் கூடுகின்றன. அதுவரை சும்மா விட்டுக்கொண்டிருந்த அலைகளுக்கெல்லாம் தசை சுருங்க ஆரம்பிக்கிறது.

அதாவது நரம்புகள் இதுவரை தசையைத் தூண்டிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. பெரும்பகுதி நேரம் அடக்கிக்கொண்டிருந்தன. குடல் சுவரில் உள்ள அடக்கும் நரம்பு செல்கள் நைட்ரிக் ஆக்சைடு, விஐபி, ஏடிபி வகைப் பொருள்களை இடையறாது கொஞ்சம் கொஞ்சமாக விட்டுத் தசையின் மட்டத்தைத் தாழ்த்தியே வைத்திருக்கின்றன. இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், காலோ பிரேக்கில் இருக்கும். எலும்புத்தசைக்கு இப்படிச் சொந்த இன்ஜின் கிடையாது. அது நரம்பு ஆணையிட்டால் மட்டும் அசையும். அதனால் நரம்பை வெட்டினால் கை துவள்கிறது, குடல் இறுகுகிறது. கதையின் மையம் இதுதான்.

இந்த அடக்கும் செல்கள் எங்கே இருக்கின்றன? இரண்டு தசை அடுக்குகளுக்கு நடுவே அவர்பாக் பின்னல், சளிச்சவ்வுக்குக் கீழே மெய்ஸ்னர் பின்னல். அசைவை ஆள்வது பெரும்பாலும் அவர்பாக். சுரப்பையும் ரத்த ஓட்டத்தையும் கவனிப்பது பெரும்பாலும் மெய்ஸ்னர். இரண்டும் சேர்ந்துதான் என்டெரிக் நரம்பு மண்டலம், அதில் பத்து கோடிக்கு மேல் நரம்பு செல்கள். மூளையிலிருந்து குடலுக்கு ஆணை கொண்டுவரும் வேகஸ் இழைகள் சில ஆயிரம்தான். சில ஆயிரம் இழைகள் கோடிக்கணக்கான செல்களை ஒவ்வொன்றாக இயக்க முடியாது. மூளை 'கொஞ்சம் கூட்டு, கொஞ்சம் குறை' என்று பொதுவாகச் சொல்லும். விவரத்தை இந்த மண்டலம் பார்த்துக்கொள்ளும்.

முன்னே வழிவிடுதல்

1899இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் நாயின் குடலில் செய்த சோதனையிலிருந்துதான் பெரிஸ்டால்சிஸ் பற்றிய நம் பாடம் தொடங்குகிறது. குடலுக்கு வெளியிலிருந்து வரும் நரம்புகளை வெட்டிவிட்டார்கள். அப்புறம் குடலுக்குள் ஓர் இடத்தைத் தூண்டினார்கள். தூண்டிய இடத்துக்கு மேலே, அதாவது வாய்ப்பக்கம், சுருக்கம். கீழே, ஆசனவாய்ப்பக்கம், தளர்ச்சி. வெளி நரம்பு இல்லாமலே இது நடந்தது. இதை அவர்கள் குடலின் விதி என்றார்கள்.

நடப்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். உணவுக் கவளம் ஓர் இடத்துக்கு வந்து சுவரை அழுத்துகிறது, உள்தோலை உரசுகிறது. உள்தோலில் இருக்கும் என்டெரோகுரோமாஃபின் செல்கள் இதை உணர்ந்து செரோடோனினை விடுகின்றன. உடலின் செரோடோனினில் பெரும்பங்கு மூளையில் அல்ல, இந்தச் செல்களில்தான் இருக்கிறது. அந்தச் செரோடோனின் பின்னலின் உணர்வு நரம்பு செல்களை எழுப்புகிறது. சுவர் இழுபடுவதை இந்த நரம்பு செல்கள் நேராகவும் உணரும். அவற்றிலிருந்து செய்தி இரண்டு திசையிலும் கிளம்புகிறது.

மேல்நோக்கிப் போகும் செய்தி கடைசியில் தூண்டும் நரம்பு செல்களை அடைகிறது. அவை அசிட்டைல்கோலினையும் சப்ஸ்டன்ஸ் பியையும் விட, கவளத்துக்குப் பின்னால் வட்டத்தசை இறுகுகிறது. கீழ்நோக்கிப் போகும் செய்தி அடக்கும் நரம்பு செல்களை அடைகிறது. அவை நைட்ரிக் ஆக்சைடையும் விஐபியையும் கூடுதலாக விட, கவளத்துக்கு முன்னால் வட்டத்தசை தளர்கிறது. பின்னே நெருக்கம், முன்னே இடம். கவளம் ஒரு சென்டிமீட்டர், இரண்டு சென்டிமீட்டர் நகர்கிறது. போய்ச் சேர்ந்த இடத்தில் சுவர் மறுபடி இழுபடுகிறது, முழு நிகழ்ச்சியும் அங்கே புதிதாகத் தொடங்குகிறது. இதற்குத் திசை தந்தது நரம்பு செல்களின் வயரிங்தான்.

பின்னால் நெருக்குவதைத்தான் எல்லாரும் நினைவில் வைக்கிறார்கள், முன்னால் தளர்வதை மறந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் நோய்களில் அதிகம் உடைபடுவது இந்த இரண்டாவது பாதிதான். பற்பசைக் குழாயை எவ்வளவு அழுத்தினாலும் மூடியைத் திறக்காவிட்டால் என்ன வரும்?

சிறுகுடலில் சாப்பிட்ட பின் அதிகம் நடப்பது பெரிஸ்டால்சிஸ்கூட அல்ல, செக்மென்டேஷன். அங்கங்கே வளையம் வளையமாகச் சுருங்கி, அடுத்த சில நொடியில் வேறு இடத்தில் சுருங்கி, கூழைப் பிசைந்து கலக்குவது. அதன் தாளமும் ஸ்லோ வேவ் தருவதே. டுவோடினத்தில் 12, இலியத்தில் 8 அல்லது 9 என்பதால், மேலே அடிக்கடியும் கீழே குறைவாகவும் பிசையப்பட்டு, கூழ் மொத்தத்தில் மெதுவாகக் கீழே நகர்கிறது. வேகம் சராசரியாக நிமிடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான். பைலோரஸிலிருந்து சிறுகுடலின் முடிவுக்குப் போய்ச்சேர 3 முதல் 5 மணி நேரம் ஆகும். வெறும் வயிற்றில் 90 நிமிடத்துக்கு ஒருமுறை போல இரைப்பையிலிருந்து இலியம் வரை பெருக்கித் தள்ளிக்கொண்டு போகும் எம்எம்சி தனிக் கதை. அதற்கு மோட்டிலின் என்ற ஹார்மோன், சாப்பிட்டதும் நின்றுவிடும் என்ற இரண்டையும் மட்டும் இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொண்டு, குழந்தையிடம் திரும்புவோம்.

அந்தக் குழந்தை

கருவில் என்டெரிக் நரம்பு செல்கள் குடலிலேயே பிறப்பவை அல்ல. நரம்பு முகடு என்ற இடத்திலிருந்து கிளம்பி, ஏறத்தாழ நாலாவது வாரத்தில் முன்குடலுக்குள் நுழைந்து, மேலிருந்து கீழாக நடந்து, ஏழாவது வாரத்தை ஒட்டி கடைசி முனையை அடைகின்றன. இந்தப் பயணத்துக்கு ரெட் என்ற மரபணு தரும் ஏற்பி முக்கியம். பயணம் வழியில் நின்றுபோனால், நின்ற இடத்துக்குக் கீழே முழுவதும் நரம்பு செல்கள் இருக்காது. இதுதான் ஹிர்ஷ்ஸ்ப்ருங் நோய். ஏறத்தாழ 5000 பிறப்புக்கு ஒன்று. ஆண் குழந்தைகளில் கூடுதல். டென்மார்க்கின் குழந்தை மருத்துவர் ஹிர்ஷ்ஸ்ப்ருங் 1886இல் இதை விவரித்தார்.

பயணம் மேலிருந்து கீழ் என்பதை வைத்தே பல கேள்விகளுக்கு விடை சொல்லிவிடலாம். நோயுள்ள பகுதி ஏறத்தாழ எப்போதும் ஆசனவாயில் தொடங்கி இடைவெளி இல்லாமல் மேலே போகும். ஐந்தில் நாலு பேரில் மலக்குடலும் சிக்மாய்டும் மட்டும். நடுவில் ஒரு துண்டு மட்டும் கெட்டு, கடைசியில் நல்ல குடல் இருப்பது மிக அரிது.

இப்போது அந்த மலக்குடலுக்குள் போய்ப் பார்ப்போம். தசை இருக்கிறது, நன்றாக இருக்கிறது. வெளியிலிருந்து வரும் பாராசிம்பதெடிக் இழைகளும் வந்து சேர்கின்றன, சொல்லப்போனால் வழக்கத்தைவிடத் தடித்து நிறையவே இருக்கின்றன. அவை அசிட்டைல்கோலினை விடுகின்றன. இல்லாதது அவர்பாக், மெய்ஸ்னர் பின்னல்களின் நரம்பு செல்கள். அவற்றோடு நைட்ரிக் ஆக்சைடை விடும் அடக்கும் செல்களும் போய்விட்டன. ஆக்ஸிலரேட்டர் இருக்கிறது, பிரேக் இல்லை. தசை எப்போதும் இறுகியே கிடக்கிறது.

மேலே நல்ல குடலில் மெக்கோனியம், அதாவது கரும்பச்சை நிறத்தில் வரும் குழந்தையின் முதல் மலம், வழக்கம்போல நகர்ந்து வருகிறது. பின்னே நெருக்கம், முன்னே தளர்ச்சி. கடைசியாக அந்த எல்லையை அடையும்போது முன்னே தளர வேண்டிய குடலில் தளரச் சொல்ல ஆள் இல்லை. மலம் அங்கேயே நிற்கிறது. மேலே உள்ள குடல் மறுபடியும் மறுபடியும் தள்ளி, தசை தடித்து, அப்புறம் விரிந்து பெருக்கிறது. எக்ஸ்ரேயில் கண்ட பலூன் அதுதான். அடைப்பை எதிர்த்துப் போராடிய நல்ல குடல். நிறைமாதக் குழந்தைகளில் பெரும்பான்மையினர் 24 மணி நேரத்துக்குள் முதல் மலம் போய்விடுவார்கள். 48 மணி நேரம் கடந்தும் போகாவிட்டால் இந்த நோயை நினைக்க வேண்டும் என்பது அதனால்தான்.

பரிசோதனைகளும் இதே இழையில்தான் வருகின்றன. விரலை விட்டுப் பார்க்கும்போது மலக்குடல் காலியாக, இறுக்கமாக இருக்கும். விரலை எடுத்ததும் காற்றும் மலமும் பீறிட்டு வரலாம், இறுகிய பகுதியை விரல் ஒரு கணம் விரித்துவிட்டதால். தளர்ந்த குடலாக இருந்திருந்தால் இப்படி வராது.

இன்னும் நுட்பமானது அனோரெக்டல் மானோமெட்ரி. மலக்குடலுக்குள் சின்ன பலூனை ஊதினால் நல்ல குழந்தையில் உள் ஸ்பிங்க்டர் தன்னால் தளரும். மேலே பார்த்த 'முன்னே வழிவிடும்' ரிஃப்ளெக்ஸின் கடைசி நிலையம் என்று இதை வைத்துக்கொள்ளலாம். ஹிர்ஷ்ஸ்ப்ருங் குழந்தையில் தளராது. தண்டுவடம் அறுபட்ட ஒருவருக்கு இதே சோதனையைச் செய்தால் ஸ்பிங்க்டர் தளரும். மூளையோடு தொடர்பு அறுந்தும் ரிஃப்ளெக்ஸ் இருக்கிறது. மூளையோடு தொடர்பு இருந்தும் குழந்தைக்கு ரிஃப்ளெக்ஸ் இல்லை. இந்த ரிஃப்ளெக்ஸ் எங்கே வசிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. வாய்மொழித் தேர்வில் இந்த ஒப்பீட்டைச் சொன்னால் கேட்கிறவர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

இறுதி உறுதி திசுப் பரிசோதனையில். உறிஞ்சி எடுக்கும் கருவியால் மலக்குடலின் சளிச்சவ்வையும் அதன் கீழடுக்கையும் கொஞ்சம் எடுக்கிறார்கள். தசை வரை போக வேண்டிய தேவை இல்லை. இரண்டு பின்னல்களும் ஒரே பயணத்தில் வந்த செல்கள் என்பதால் மெய்ஸ்னர் பின்னலில் செல்கள் இல்லையென்றால் அவர்பாக்கிலும் இருக்காது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எங்கிருந்து எடுக்கிறோம் என்பது முக்கியம். ஆசனவாயை ஒட்டிய கடைசி ஒன்றிரண்டு சென்டிமீட்டரில் நல்ல குழந்தைக்கும் நரம்பு செல்கள் குறைவு. மிகக் கீழே எடுத்துவிட்டால் இல்லாத நோயை இருப்பதாகச் சொல்லிவிட நேரும். கூடவே தடித்த நரம்பிழைகளும், அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் சாயமேற்றலில் அடர்ந்து தெரியும் இழைகளும் நோயைச் சுட்டும். கால்ரெட்டினின் சாயம் பிடிக்காமல் போவதும் அப்படியே.

எக்ஸ்ரேயும் சில நேரம் ஏமாற்றும். பிறந்த முதல் சில நாளில் மேல்குடல் இன்னும் விரிய நேரமிருந்திருக்காது, குறுகலுக்கும் விரிவுக்கும் நடுவே உள்ள மாறும் பகுதி தெளிவாகத் தெரியாமல் போகலாம். எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று மட்டும் வைத்து நோயை விலக்கிவிட முடியாது. மலம் தேங்கிய குடலில் வீக்கமும் கிருமித்தொற்றும் சேர்ந்து என்டெரோகொலைட்டிஸ் வந்தால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சல், உப்பிய வயிறு, நாற்றமெடுத்துப் பீறிடும் பேதி ஆகியவை அதன் அடையாளம். மலச்சிக்கல் நோயில் பேதியா என்று தேர்வில் குழம்பாதீர்கள்.

இதே உடைப்பு உணவுக்குழாயின் கீழ்முனையில் பெரியவர்களுக்கு வந்தால் அது அகலேசியா. அங்கே பிறவிக் குறை அல்ல, இருந்த அடக்கும் நரம்பு செல்கள் பின்னாளில் அழிகின்றன. கீழ் ஸ்பிங்க்டர் தளராமல் நிற்க, மேலே உணவுக்குழாய் விரிகிறது. இடம் வேறு, படம் ஒன்றே.

இதற்கு நேரெதிர் வயிற்று அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் இலியஸ். அங்கே குடல் அசையாமல் தளர்ந்து கிடக்கும். நரம்பு இல்லாததால் அல்ல, அடக்கும் நரம்பு அளவுக்கு மீறி வேலை செய்வதால். வலிக்குக் கொடுக்கும் ஓபியாய்டுகள் தூண்டும் நரம்பு முனைகளில் அசிட்டைல்கோலின் வெளியேறுவதைக் குறைத்து அதை இன்னும் நீட்டிக்கும். ஸ்லோ வேவ் அங்கே பெரும்பாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும், மட்டம் தாழ்ந்திருப்பதால் ஸ்பைக் எழுவதில்லை. 'தளர்ந்த குடல், ஆகவே நரம்பு செத்தது' என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

ஹிர்ஷ்ஸ்ப்ருங் குழந்தைக்குச் சிகிச்சை, நரம்பு செல் இல்லாத பகுதியை வெட்டி எடுத்து, மேலே உள்ள நல்ல குடலைக் கீழே இழுத்து ஆசனவாய்க்குச் சற்று மேலே தைப்பது. 1948இல் ஸ்வென்சன் விவரித்த அறுவை சிகிச்சையின் அடிப்படை இதுதான், இன்றைய முறைகளும் அதிலிருந்து கிளைத்தவை. எவ்வளவு தூரம் வெட்டுவது என்பதைக் கண்ணால் மட்டும் தீர்மானிக்க மாட்டார்கள். அறுவை அரங்கிலேயே துண்டு எடுத்து உறையவைத்து, நுண்ணோக்கியில் நரம்பு செல்கள் தெரிகிற இடம் வரை போவார்கள். ஆனால் உள் ஸ்பிங்க்டரை எடுக்க முடியாது, எடுத்தால் மலத்தை அடக்கிவைக்க முடியாமல் போகும். எனவே அறுவைக்குப் பின்னும் அந்தக் கடைசி வளையம் நரம்பு செல் இல்லாததாகவே இருக்கிறது. சில குழந்தைகளுக்கு அப்புறமும் மலம் சிக்குவதற்கு இது ஒரு காரணம். அப்போது ஸ்பிங்க்டரில் பொட்டுலினம் நச்சை ஊசியாகப் போடுகிறார்கள். அது அசிட்டைல்கோலின் வெளியேறுவதைத் தடுக்கும். பிரேக்கைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை, அதனால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சில மாதங்களுக்கு எடுத்துவிடுகிறார்கள்.